கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர்களுக்கு, ஒரு மெய்ப்புத் திருத்துநரின் திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், சிறு அறக்கட்டளைகள் ஆகியவற்றின் மதிப்புக்குரிய செயலாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அச்சுக்கு அனுப்பும் ஆண்டறிக்கைகளையும் கூட்டக் குறிப்புகளையும் முதலில் படிப்பவன் நான். பல சமயம், முழுதாகப் படிக்கும் கடைசி ஆளும் நானேதான். கணக்குப் பகுதியில் ஒரு ரூபாய் இடறினால் கூடத் தணிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். ஒரு வாக்கியத்துக்குள் அறிக்கையின் தலைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பார்க்க யாருமில்லை. அந்த வேலையைத்தான் இந்த மடலில் உங்களிடம் கேட்கப் போகிறேன்.

நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சங்கத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். 12.3.2023 கூட்டத்தின் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது:

“நிர்வாகக் குழுக் கூட்டத்தில் குடிநீர்க் கட்டணம் மறுபரிசீலனை ஏற்கப்பட்டது.”

இதைப் படித்த உறுப்பினர்கள் மகிழ்ந்தார்கள். கட்டணத்தைக் குழு மறுபரிசீலனை செய்ய ஒப்புக்கொண்டுவிட்டது, அதுவரை பழைய 150 ரூபாய்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? மறு மாதமே 200 ரூபாய்க்கு ரசீது வந்தது. அடுத்த பொதுக்குழுவில் செயலாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பாவம், பொய் சொல்லவில்லை. ‘குடிநீர்க் கட்டணம்: மறுபரிசீலனை’ என்று ஓர் எட்டுப் பக்க அறிக்கை இருந்தது. கட்டணத்தை 200 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. அந்த அறிக்கையைத்தான் குழு ஏற்றது. அட்டையில் முக்காற்புள்ளி இருந்தது. குறிப்பில் அது போயிற்று. மேற்கோள் குறியோ முதலிலேயே இல்லை. ‘அறிக்கை’ என்ற ஒரு சொல்லாவது இருந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

அந்த வரியை மெய்ப்பில் நானும் பார்த்தேன். எனக்கும் ஐயம் வரவில்லை. இலக்கணப்படி அதில் தவறே இல்லையே! சொற்பிழை இருந்தால் கண் இடறி நின்றிருக்கும். பிழையில்லாமல் வேறு பொருள் தரும் வரியில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

இதே வரி ஆங்கிலத்தில் இருந்திருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது. அங்கே தலைப்பின் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். `Water Tariff: A Review` என்று வாக்கியத்தின் நடுவே பார்த்தாலே அது ஓர் ஆவணத்தின் பெயர் என்று தெரிந்துவிடும். நம் எழுத்தில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. அந்த வேலையை வேறு எதாவது செய்தாக வேண்டும். ஆங்கிலக் குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு தமிழாக்குகிறவர் சொற்களை எல்லாம் கொண்டுவந்துவிடுகிறார். பெரிய எழுத்து மட்டும் அந்தக் கரையிலேயே நின்றுவிடுகிறது. அது இல்லாமல் போனதை அவர் கவனிப்பதுகூட இல்லை.

தமிழில் அந்த வேலைக்கு நம்மிடம் இருப்பவை இரண்டு. ஒன்று ஒற்றை மேற்கோள் குறி. இரட்டைக் குறியைப் பேச்சுக்கு விட்டுவிடுங்கள்; ஒருவர் கூட்டத்தில் சொன்னதை அப்படியே எழுதும்போது அது தேவைப்படும். இரண்டையும் கலந்தால் ஒரு பக்கத்தில் எது பேச்சு, எது தலைப்பு என்று படிப்பவர் தடுமாறுவார். இன்னொன்று ‘என்ற’ அல்லது ‘என்னும்’. இது எளிய சொல், ஆனால் மேற்கோள் குறியைவிடக் கெட்டிக்காரச் சொல். ஏன் என்று சொல்கிறேன்.

ஆங்கிலத் தலைப்பு வாக்கியத்தில் எங்கே உட்கார்ந்தாலும் உருமாறாது. தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்றதும் சில இடங்களில் வாலே மாறிவிடும். ‘மழைநீர்ச் சேகரிப்பு’ என்று ஓர் அறிக்கை இருக்கிறது என்று வையுங்கள். அதைப் படித்தோம் என்று எழுத வேண்டும். எனக்கு வந்த தாள்களில் மூன்று விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒருவர் ‘மழைநீர்ச் சேகரிப்பை’ப் படித்தோம் என்று எழுதுவார், இதில் தலைப்பே மாறிவிட்டது, அட்டையில் அப்படி ஒரு சொல் இல்லை. இன்னொருவர் ‘மழைநீர்ச் சேகரிப்’பை என்று தலைப்பின் நடுவில் கத்தி வைப்பார். மூன்றாமவர் ‘மழைநீர்ச் சேகரிப்பு’ஐ என்று எழுதுவார், அதை வாய்விட்டுப் படிக்கவே முடியாது. மகர ஈற்றில் இன்னும் மோசம். ‘வறட்சிக் காலத் திட்டம்’ என்பது ‘திட்டத்தை’, ‘திட்டத்தில்’, ‘திட்டத்துக்கு’ என்று போகும்போது தலைப்பின் கடைசி எழுத்தே காணாமல் போகிறது. கோப்பறையில் அந்தப் பெயரைத் தேடுகிறவர் எதைத் தேடுவார்?

‘என்ற’ போட்டுப் பாருங்கள். ‘மழைநீர்ச் சேகரிப்பு’ என்ற அறிக்கையைப் படித்தோம். ‘வறட்சிக் காலத் திட்டம்’ என்ற அறிக்கையில் சொன்னபடி. தலைப்பு அட்டையில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து நிற்கிறது. வேற்றுமை உருபை எல்லாம் ‘அறிக்கை’ என்ற பொதுச்சொல் சுமக்கிறது. கூடவே, அது அறிக்கையா, கோப்பா, சுற்றறிக்கையா என்ற செய்தியும் படிப்பவருக்குக் கிடைக்கிறது. குடிநீர்க் கட்டணச் சண்டையில் விட்டுப்போனது அந்தச் சொல்தான்.

எல்லா இடத்திலும் இதைப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. தலைப்பு ஐகாரத்திலோ இகரத்திலோ முடிந்தால் நடுவே யகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும், தலைப்புக்குச் சேதமில்லை. ‘குடிநீர்க் கட்டணம்: மறுபரிசீலனை’யைக் குழு ஏற்றது என்று எழுதலாம், குறியை மூடிய பிறகு உருபு வெளியே ஒட்டி வர வேண்டும், இடைவெளி கூடாது. ஆனாலும் உங்களுக்கு ஈறு பார்த்து எழுத நேரமில்லை என்றால், எப்போதும் ‘என்ற’ என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறே வராது. ஒரே ஒரு எச்சரிக்கை: ‘என்ற’ பெயரெச்சம், அதன்பின் வல்லினம் மிகாது. ‘என்றக் கோப்பு’ என்று வாரத்துக்கு நாலு தடவையாவது திருத்துகிறேன்.

இனி எதற்குக் குறி போடுவது, எதற்குப் போடக் கூடாது என்பது. இங்கேதான் மறு ஓரத்தில் இருப்பவர்கள் வருகிறார்கள். ஒரு சங்கத்தின் குறிப்பில் ‘ஆண்டுப் பொதுக்குழு’, ‘தணிக்கை அறிக்கை’, ‘நிர்வாகக் குழு’, ‘தீர்மானம்’ எல்லாவற்றுக்கும் குறி போட்டிருந்தார்கள். ஆங்கிலப் படியில் இவை ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் இருந்ததால், பெரிய எழுத்து கண்ட இடமெல்லாம் குறி என்று யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். தமிழில் ஒற்றைக் குறிக்கு இன்னொரு குணமும் உண்டு. நம் பத்திரிகைகளில் அமைச்சர் ‘ஆலோசனை’ நடத்தினார் என்று வந்தால், நடந்தது ஆலோசனையே இல்லை என்று பொருள். ‘தணிக்கை அறிக்கை’ சமர்ப்பிக்கப்பட்டது என்று உங்கள் ஆண்டறிக்கையில் வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார், நீங்களே யோசியுங்கள்.

நான் வைத்திருக்கும் சோதனை இது: அட்டையில் அச்சாகியிருக்கும் தலைப்பு என்றால் குறி, அந்தப் பொருள் என்ன வகை என்று சொல்லும் சொல் என்றால் குறி வேண்டாம். 2022-23ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை என்பது வகையும் ஆண்டும் சேர்ந்தது. அதற்கு ஆண்டே அடையாளம். கூட்டங்களுக்குப் பெரும்பாலும் தலைப்பே கிடையாது. 12.3.2023 அன்று நடந்த நிர்வாகக் குழுக் கூட்டம் என்றால் போதும். நாள்தான் அதன் முகவரி. தலைப்போடு நடக்கும் கருத்தரங்கு என்றால் மட்டும் அந்தத் தலைப்புக்குக் குறி.

மக்கள் வழங்கும் பெயருக்கும் குறி தேவையில்லை. 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்த குழு 1971இல் தந்ததை எல்லாரும் ராஜமன்னார் குழு அறிக்கை என்றே சொல்கிறார்கள். அது அட்டையில் இருக்கும் தலைப்பு இல்லை, ஊர் வைத்த பெயர். 1987இல் ஐ.நா. ஆணையம் ஒன்று தந்த அறிக்கையின் தலைப்பு `Our Common Future`. தலைமை வகித்த நார்வேப் பிரதமரின் பெயரால் அதைப் பிரண்ட்லண்ட் அறிக்கை என்பார்கள். `Our Common Future` என்ற தலைப்புக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சாய்வெழுத்தும் வரும், தமிழில் எழுதினால் குறி வரும். பிரண்ட்லண்ட் அறிக்கை என்பது வெறும் அடையாளம், அப்படியே எழுதலாம்.

அரசு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம். அங்கே கோப்பின் தலைப்பு என்பது பொருள் வரிதான். அது இப்படி இருக்கும்: “குடிநீர் – புதிய இணைப்பு – அனுமதி கோருதல் – தொடர்பாக.” பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் படிக்கட்டு இது. கோப்புகளை அடுக்கித் தேட அருமையான ஏற்பாடு. வாக்கியத்துக்குள் இழுத்துவந்தால் மட்டும் கதை கெடுகிறது. மூன்று கோடுகளும் ஒரு முற்றுப்புள்ளியும் வாக்கியத்தின் நடுவே கிடக்கும்; குறிக்குள் போட்டாலும் மூச்சு முட்டும். அந்த வரியை வாக்கியத்தில் நகலெடுக்காதீர்கள். ந.க. எண்ணையும் நாளையும் கொடுத்து, பொருளை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்: புதிய குடிநீர் இணைப்புக்கு அனுமதி கேட்ட கோப்பு, ந.க. எண் இன்னது, நாள் இன்னது. எண்ணை மட்டும் சாய்கோடு, அதனுள் வரும் தமிழ் எழுத்து, ஆண்டு எதையும் மாற்றாமல் எழுதுங்கள். அலுவலகத்தில் கோப்பை எடுப்பவர் உங்கள் வருணனையைப் பார்க்க மாட்டார், எண்ணைத்தான் பார்ப்பார்.

கணினிக் கோப்பு இன்னொரு சாதி. அதன் பெயர் தலைப்பு அல்ல, முகவரி. குடிநீர் அறிக்கையின் தலைப்பில் முக்காற்புள்ளி இருக்கிறது. விண்டோஸ் கணினியில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி போடவே முடியாது, சாய்கோடும் கேள்விக்குறியும் முடியாது. ஆகவே தலைப்பும் கோப்புப் பெயரும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்தச் சங்கத்தில் கோப்பின் பெயர் இது:

```
Water_Tariff_Review_FINAL.pdf
```

இதை ஆண்டறிக்கையில் இணைய முகவரியின் கடைசித் துண்டாக அச்சிட்டோம். யாரோ கண்ணுக்கு உறுத்துகிறது என்று `FINAL` என்பதை `Final` என்று மாற்றியிருந்தார்கள். அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் இருந்த பிரதியை அந்தப் பெயரில் சோதித்துப் பார்த்தபோது திறந்தது. ஆண்டறிக்கை வீடுகளுக்குப் போன பிறகு, பக்கம் இல்லை என்று வருகிறதே என்று தொலைபேசி மேல் தொலைபேசி. விண்டோஸ் வழக்கமாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. இரண்டு பெயரும் அதற்கு ஒன்றே. இணையதளம் இருந்த சர்வர் லினக்ஸ். அதற்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள், அதில் ஒன்று இல்லை. 600 பிரதிகளில் ஒட்டுச்சீட்டு ஒட்டினோம்.

அதனால் கோப்புப் பெயரை யாரும் அழகுபடுத்த வேண்டாம். தட்டச்சும் செய்ய வேண்டாம், நகலெடுத்து ஒட்டுங்கள். தமிழ் எழுத்திலும் ஒலிபெயர்க்க வேண்டாம். வாக்கியத்தின் கடைசியில் வைக்காமல் நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் `.pdf` என்பதற்குப் பின்னால் வரும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து நகலெடுத்துவிட்டு, திறக்கவில்லை என்பார்கள். `Water_Tariff_Review_FINAL.pdf` என்ற கோப்பை இணையதளத்தில் காணலாம் என்று எழுதினால் முற்றுப்புள்ளி எட்டியே நிற்கிறது. இங்கேயும் ‘என்ற’ தான் காப்பாற்றுகிறது, பாருங்கள்.

தலைப்பு வாக்கியத்தின் கடைசியில் வந்தால் முற்றுப்புள்ளி குறிக்கு உள்ளேயா, வெளியேயா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க அச்சில் உள்ளே போடுவார்கள், பிரிட்டிஷ் வழக்கில் தலைப்புக்கு வெளியே. நமக்கு வெளியே என்பதே பொருந்தும். புள்ளி வாக்கியத்துடையது, தலைப்புடையது அல்ல. தலைப்பே கேள்வியாக இருந்தால், ‘நிலத்தடி நீர் எங்கே?’ என்பதுபோல, அந்தக் கேள்விக்குறி தலைப்புக்குச் சொந்தம். அது உள்ளேயே இருக்கட்டும்.

ஆங்கிலப் படியும் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடிநீர் அறிக்கையின் ஆங்கிலத் தலைப்பு அட்டையில் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது. நிறைய அட்டைகள் அப்படித்தான்; அது அட்டை வரைந்தவரின் விருப்பம், தலைப்பின் எழுத்துமுறை அல்ல. உள்ளே வாக்கியத்தில் அதைக் கத்த விடாதீர்கள். மீதி இருப்பவை இரண்டு வழிகள். வேறோர் அறிக்கையின் தலைப்பை வைத்துக் காட்டுகிறேன்:

```
Report on Supply from Borewells
Report on supply from borewells
```

முதல் வழியில் முக்கியச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். இரண்டாவதில் முதல் சொல் மட்டும். பிரிட்டன் அரசின் இணையதளம் தன் தலைப்புகளுக்கு இந்த இரண்டாவது வழியையே கொண்டிருக்கிறது. முதல் வழியில்தான் வம்பு. `from` பெரிய எழுத்தா, சிறியதா? அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடு நான்கெழுத்து முதல் பெரிய எழுத்து என்கிறது. பதிப்பாளர்கள் நம்பும் சிகாகோ கையேடு முன்பு `from` போன்ற முன்னிடைச் சொற்கள் எவ்வளவு நீளமானாலும் சிறிய எழுத்து என்றது. 2024 பதிப்பில் ஐந்தெழுத்து முதல் பெரிய எழுத்து என்று மாற்றிக்கொண்டது. அவர்களே மாற்றிக்கொள்கிறார்கள் என்றால் நாம் இதில் வேதம் தேட வேண்டியதில்லை. ஒன்றைத் தேர்ந்து பொருளடக்கம், உள்பக்கம், பின்னிணைப்பு மூன்றிலும் அதையே எழுதுங்கள். ஒரே அறிக்கை மூன்று விதமாக இருந்தால் வங்கியில் படிக்கும் அதிகாரி மூன்று அறிக்கைகளைக் கேட்பார். கேட்டிருக்கிறார்கள்.

தலைப்பைச் சொல்லாமல் பொதுவாக ஓர் ஆய்வு நடந்தது என்று மட்டும் சொல்லும்போது ஆங்கிலத்திலும் சிறிய எழுத்துதான்: `a review of the water tariff`. தமிழில் குறிக்குச் சொன்ன அதே சோதனை இங்கேயும் செல்லும்.

இப்போது அந்தப் பழைய வரிக்கு வருகிறேன். அதை நான் திருத்தியிருக்க வேண்டிய விதம் இது:

“12.3.2023 அன்று நடந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், ‘குடிநீர்க் கட்டணம்: மறுபரிசீலனை’ என்ற அறிக்கை ஏற்கப்பட்டது. மாதக் கட்டணத்தை 150 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்த்த அந்த அறிக்கை பரிந்துரைக்கிறது.”

கூட்டத்துக்கு நாள் இருக்கிறது, குறி இல்லை. தலைப்பு அட்டையில் உள்ளபடி முக்காற்புள்ளியோடு குறிக்குள் இருக்கிறது. இரண்டாம் வாக்கியத்தில் வெறும் ‘அந்த அறிக்கை’. ஒருமுறை முழுப்பெயர் சொன்ன பிறகு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக்குப் பக்கம் வரும் அறிக்கை என்றால் முதல் இடத்தில் அடைப்புக்குள் ‘இனி, கட்டண அறிக்கை’ என்று சொல்லிவிட்டு, அதையே மாறாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பக்கத்தில் ‘குடிநீர் அறிக்கை’ என்று மாற்றினால் நான் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பேன்.

ஒரு வேண்டுகோள். ஜூன் பிறந்ததும் உங்கள் ஆண்டறிக்கைகள் எங்கள் அச்சகத்துக்கு வரத் தொடங்கிவிடும். உள்ளே குறிப்பிடும் ஒவ்வோர் அறிக்கையின் அட்டையையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, கையெழுத்துப் படியோடு சேர்த்து அனுப்புங்கள். தலைப்பில் முக்காற்புள்ளி உண்டா, கோடு உண்டா, ஆண்டு எப்படி எழுதியிருக்கிறது என்று நான் ஊகிக்கும் நிலை வேண்டாம். போன வருடம் ஒருவர் அப்படி அனுப்பினார். அவருடைய 40 பக்க அறிக்கையைத் திருத்த எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் தாள்களில் சிவப்பு மையால் எழுதுகிறவன்